கிழக்குமல்ல, மேற்குமல்ல: ஒரு மரமும் மூன்று வெயில்களும்

கேமரன் மலையின் கியா பார்ம் மேட்டில் நின்றால் தேயிலைச் சரிவுகளில் வெயில் விழும் முறை கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். கிழக்கு பார்த்த சரிவு விடிந்ததுமே ஒளி வாங்கும். மலை மறைப்பதால் மாலையில் சீக்கிரம் நிழலாகிவிடும். மேற்குச் சரிவுக்கு இது அப்படியே தலைகீழ். மேகம் வந்து மூடாத நாளில், முகட்டில் நிற்கும் செடிக்குத்தான் உதயம் முதல் அந்தி வரை வெயில் கிடைக்கும். சூரா அந்நூரின் 35ஆம் வசனத்தை இங்குள்ள எஸ்டேட் பிள்ளைகளுக்கு நடத்தும் உஸ்தாதுகளுக்கு இதைவிட நல்ல கரும்பலகை அமையாது.

அந்த வசனத்தில் விளக்கு மாடம் உண்டு, அதனுள் விளக்கு, விளக்கைச் சூழ்ந்த கண்ணாடி, நட்சத்திரம் போன்ற அதன் மினுமினுப்பு, விளக்குக்கு எண்ணெய் தரும் ஜைத்தூன் மரம் எல்லாம் உண்டு. வகுப்புகளில் மாடத்துக்கும் கண்ணாடிக்கும் நேரம் போய்விடுகிறது. மரம் கிழக்கைச் சேர்ந்ததும் அல்ல, மேற்கைச் சேர்ந்ததும் அல்ல என்ற தொடரை ஒரு வாக்கியத்தில் கடந்துவிடுகிறோம். முஃபஸ்ஸிர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்பதை மாணவருக்குக் காட்ட ஏற்ற இடம் அதுதான்.

இப்னு அப்பாஸ் அவர்களிடமிருந்தும் அவருடைய மாணவர் இக்ரிமா அவர்களிடமிருந்தும் வரும் விளக்கம் இது: மரம் வெட்டவெளியில் நிற்கிறது. வேறு மரமோ மலையோ குகையோ அதன் மேல் நிழல் போடுவதில்லை. காலை வெயில் மட்டும் பட்டால் அது கிழக்கு மரம், மாலை வெயில் மட்டும் பட்டால் மேற்கு மரம். இதற்கோ இரண்டுமே படுகின்றன. அதனால் காய் நன்றாக முற்றி, எண்ணெய் தெளிவாக இருக்கிறது.

உபை இப்னு கஅப் அவர்கள் வழியாக வரும் அறிவிப்பு இதற்கு நேர் எதிரானது. அந்த மரம் பசுமையாக, மென்மையாக மற்ற மரங்களுக்கு நடுவில் நிற்கிறது. எந்த நேரத்திலும் வெயில் அதைத் தொடுவதில்லை. ஃபித்னாக்களிலிருந்து காக்கப்பட்ட முஃமினும் அப்படித்தான் என்கிறது அந்த விளக்கம். ஒரே தொடர்தான்; ஒன்றில் முழு வெயில், மற்றதில் வெயிலே இல்லை.

இரண்டையும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. எது வலுவானது என்று வசனத்தையே கேட்க வேண்டும். அடுத்த தொடரே எண்ணெயைப் பற்றியது: நெருப்புத் தொடாமலேயே அது ஒளிர்ந்துவிடும் போலிருக்கிறது. அவ்வளவு தூய எண்ணெய்க்குக் காரணம் சொல்வது முதல் விளக்கம் மட்டுமே. நாளெல்லாம் வெயில் வாங்கியதால் காயும் எண்ணெயும் சிறந்தன என்று மரத்தையும் எண்ணெயையும் அது ஒரே இழையில் கோக்கிறது. இரண்டாவது விளக்கத்தில் உவமிக்கப்படும் முஃமினின் நிலை அழகாகப் பொருந்துகிறது. எண்ணெய் ஏன் அப்படி மின்னுகிறது என்பதற்குத்தான் பதில் இல்லை. தபரி (மறைவு கி.பி. 923) முதல் விளக்கத்தின் பக்கம் நின்றார். நான்கரை நூற்றாண்டுகளுக்குப் பின் இப்னு கஸீரும் (மறைவு 1373) அதையே தேர்ந்தார். எண்ணெயின் தூய்மைதான் அவரும் சொல்லும் காரணம்.

மூன்றாவதாக ஹஸன் அல்பஸ்ரீ அவர்களின் கருத்து. இவ்வுலக மரமாக இருந்தால் அது கிழக்கிலோ மேற்கிலோ இருந்துதான் ஆக வேண்டும். ஆகவே இது இவ்வுலக மரமே அல்ல என்றார். வெயில் கணக்கையே இது தேவையற்றதாக்கிவிடுகிறது. கூர்மையான வாதம்தான். ஆனால் அறிந்த பொருளைக் கொண்டு அறியாததை விளக்குவதே உவமையின் வேலை என்பதால், கேட்பவர் கண்டிராத மரம் இங்கே உதவுமா என்ற கேள்வி எழாமல் இருக்காது.

இமாம் கஸ்ஸாலீயின் மிஷ்காத்துல் அன்வாருக்கு இதன் பிறகு வந்தால்தான் அதன் வலிமை புரியும். அவர் மாடத்தைப் புலன்களுக்கும், கண்ணாடியைக் கற்பனை ஆற்றலுக்கும், விளக்கைப் பகுத்தறிவுக்கும், மரத்தைக் கிளை கிளையாக விரியும் சிந்தனைக்கும், எண்ணெயை நபிமார்களுக்குரிய புனித ஆற்றலுக்கும் பொருத்தினார். தூய சிந்தனைக்குத் திசையும் இல்லை, தொலைவும் இல்லை. அதனால் கிழக்குமல்ல, மேற்குமல்ல என்பது அவர் விளக்கம். பொருளை விட்டு அவர் பறந்துவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மற்ற எண்ணெய்களைவிட ஜைத்தூன் எண்ணெய் அதிகம் ஒளி தருகிறது, புகை குறைவு என்கிறார். கண்ணாடி, காற்றில் விளக்கு அணையாமல் காப்பதையும் சொல்கிறார். உண்மையான விளக்கை நன்றாகப் பார்த்த பிறகே உள்ளத்தின் பக்கம் திரும்புகிறார்.

கஸ்ஸாலீயின் பட்டியலை வசனத்தின் நேரடிப் பொருளாகச் சொல்லிக் கொடுப்பதுதான் நம் வகுப்புகளில் அடிக்கடி நேரும் பிழை. மாணவனிடம் மரத்துக்கு ஏன் முழு வெயில் வேண்டும் என்று கேட்டால் அது தெரிந்துவிடும். சிந்தனை ஆற்றல் என்று சட்டெனச் சொல்பவன், எண்ணெயைப் பற்றி மௌனமாக இருப்பான். அவனை முகட்டுக்கு அழைத்துப் போய் இரண்டு சரிவுகளையும் காட்டி, உபை அவர்களின் அறிவிப்பையும் இக்ரிமா அவர்களின் விளக்கத்தையும் அங்கேயே வைத்துப் பேசலாம். எது எண்ணெய்க்குப் பொருந்துகிறது என்று அவனே சொல்லட்டும். மிஷ்காத்துல் அன்வாரை அடுத்த வாரத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.