'அவரு நல்லாத்தானே இருக்காரு?'

வாலிகண்டபுரத்துல பஸ் ஏறுற நம்ம பசங்க கிட்ட ஒரு வாதம் அடிக்கடி காதுல விழும்: "எங்க ஊர்ல ஒரு அண்ணன் பத்து வருஷமா கஞ்சா அடிக்கிறாரு. வேலை, குடும்பம் எல்லாம் நல்லாத்தானே இருக்கு?" சரி, அவரைப் பத்தி நீங்க சொல்றது உண்மைன்னே வைங்க. அவர் எந்த வயசுல ஆரம்பிச்சார்னு கேட்டீங்களா?

பருத்தி விதைக்கிறதைப் பார்த்திருப்பீங்க. குத்துக்கு ரெண்டு மூணு விதை போட்டு, முளைச்சதும் திடமான செடியை விட்டுட்டு மத்ததைக் கலைச்சிடுவோம். பதின்ம வயசு மூளையிலும் இதுதான் நடக்குது. பயன்படாத நரம்பு இணைப்புகள் நீக்கப்படும், பயன்படுறவை உறுதியாகும். திட்டமிடுறது, ஆசையை அடக்குறது இதையெல்லாம் பார்க்கிற முன்மூளைப் பகுதிதான் கடைசியா முதிருது. அது முடிய இருபதுகளின் நடுப்பகுதி ஆயிடும். அதாவது, முதலாமாண்டு மாணவருக்கு இன்னும் கலைப்பு முடியலை.

இந்த வேலையை ஒழுங்குபடுத்துறதுல மூளையே சுரக்கிற கஞ்சா போன்ற வேதிப்பொருள்களுக்கும் பங்கு இருக்கு. 1992-ல கண்டுபிடிச்ச ஒண்ணுக்கு, 'ஆனந்த'ங்கிற சமஸ்கிருதச் சொல்லை வச்சு ஆனந்தமைடுன்னு பேர் வச்சாங்க. அது தேவைப்படுற இடத்துல, கொஞ்ச நேரம் மட்டும் வேலை செய்யும். கஞ்சாவில் இருக்கிற டிஎச்சி அதே ஏற்பிகளில் மூளை முழுக்க, மணிக்கணக்கா உட்காரும். எந்தச் செடியைப் பிடுங்கணும்னு தெரியாத ஆள் வயல்ல இறங்கின மாதிரி. வளர்ந்த வயல்ல அதே ஆள் இறங்கினாலும் மிதிபடும்தான். ஆனா கலைப்பு ஏற்கெனவே முடிஞ்சிருக்கும். தினமும் புகைத்த பெரியவங்க நிறுத்தினப்போ, குறைஞ்சிருந்த ஏற்பிகள் சுமார் நாலு வாரத்துல பெருமளவு மீண்டதா ஸ்கேன் ஆய்வு காட்டியிருக்கு.

நியூசிலாந்தின் டுனெடின் நகரத்துல 1972-73-ல பிறந்த 1,037 பேரைத் தொடர்ந்து கவனிச்சாங்க. 13 வயசுலயும் 38 வயசுலயும் அறிவுத்திறன் சோதனை. பதின்ம வயசுல ஆரம்பிச்சு ரொம்ப வருஷம் விடாமப் பழகினவங்களுக்குச் சராசரியா 8 புள்ளி வரை இறங்கியிருந்தது. நிறுத்தின பிறகும் முழுசா மீளலை. பெரியவங்களான பிறகு தொடங்கினவங்ககிட்ட அந்த மாதிரி இறக்கம் தெரியலை.

இதை வேத வாக்கா எடுத்துக்க வேண்டாம். பின்னால வந்த இரட்டையர் ஆய்வுகள்ல, புகைச்சவருக்கும் புகைக்காத உடன்பிறப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. குடும்பச் சூழலும் காரணமா இருக்கலாம். எப்போவாவது ஒரு தடவை இழுத்தா எட்டு புள்ளி போயிடும்னு இந்த ஆய்வு சொல்லவும் இல்லை. 'மூளை அழுகிடும்'னு போஸ்டர் ஒட்டுறது தப்புன்னு நான் நினைக்கிறது இதனாலதான். அந்தப் பொய்யை அந்த அண்ணன் ஒரே சிரிப்புல உடைச்சிடுவாரு, அதோட உண்மையும் சேர்ந்து போயிடும்.

ஆனா பந்தயக் கணக்கு போடுங்க. ஆய்வுகளுக்குள்ள சண்டை எவ்வளவு பாதிப்புங்கிறதுல. சின்ன வயசுல, அடிக்கடி, அதிக வீரியத்துல ஆரம்பிக்கிறதுதான் அதிக ஆபத்துங்கிறதுல பெரும்பாலும் ஒத்துப்போறாங்க. மனநோய் அபாயத்துலயும் அடிமையாகுறதுலயும் இதே போக்குதான்.

அடுத்த தடவை அந்த அண்ணனைக் காட்டி யாராவது நீட்டினா, அவர் வயசையும் உங்க வயசையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. அவர் வயல்ல கலைப்பு எப்பவோ முடிஞ்சாச்சு. உங்க வயல்ல இன்னும் நடக்குது.