சாக்குக்குக் கழிக்கத் தெரிந்த எமக்கு சிலிண்டரின் கணக்கு

தோட்டத்தில் வளர்ந்து வேலணைக்கு வாழ்க்கைப்பட்டுப் போன பிள்ளையொருத்தி, அண்மையில் தன் அம்மாவின் போனுக்கு ஒரு படம் அனுப்பியிருந்தாள். புதிதாக வாங்கிய 12.5 கிலோ காஸ் சிலிண்டரின் கழுத்து வளையம். “பாவிக்கலாமோ, சேரிடம் கேட்டுச் சொல்லுங்கோ” என்று குரல் பதிவும் வந்தது. அம்மா போனைத் தூக்கிக்கொண்டு பாடசாலைக்கே வந்துவிட்டார்.

படத்தில் அவளைப் பயமுறுத்தியது 26.2 என்ற எண். சிலிண்டரின் மொத்த நிறை அதுவென்று நினைத்துவிட்டாள். அது நிறையே அல்ல. சிலிண்டருக்குள் எத்தனை லீட்டர் தண்ணீர் கொள்ளும் என்ற கொள்ளளவு அது. நாம் தேட வேண்டியது டி, டபிள்யூ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளுக்குப் பக்கத்தில் உள்ள எண்ணை. அதுவே வெற்றுச் சிலிண்டரின் நிறை. அந்தப் படத்தில் அது 13.4 கிலோ.

கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கும் கூடைக்கும் எவ்வளவு கழிக்கிறார்கள் என்று தராசடியில் நின்று சண்டை போட்டவர்கள் நாம். இதுவும் அதே கணக்குத்தான். 13.4 உடன் 12.5 ஐக் கூட்டினால் 25.9. சிலிண்டருக்குச் சிலிண்டர் வெற்று நிறை மாறும். ஆகையால் பக்கத்து வீட்டுச் சிலிண்டரின் எண்ணை வைத்துக் கணக்குப் பார்க்கக் கூடாது. நிறை குறைந்தால் நம் காசு போகிறது, அது நியாயப் பிரச்சினை. கூடினால் ஆபத்து. திரவக் காஸ் சூட்டில் விரியும். அதற்கென்று உள்ளே விடும் இடம் நிரம்பிவிட்டால் சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறிவிடும். வெங்காயம் நிறுக்கும் தராசில் வைத்துப் பார்க்கச் சொன்னோம். 25.8 என்று வந்தது. நூறு கிராம் வித்தியாசம் அந்தத் தராசுக்கு உள்ளதுதான்.

அடுத்தது சோதனைத் திகதி. வளையத்தில் 06-12 என்று குத்தியிருந்தது. 2012 ஜூனா, 2006 டிசம்பரா? வளையத்தைத் துணியால் துடைத்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி மறுபுறத்தையும் படமெடுக்கச் சொன்னோம். அங்கே 09-19 என்று இன்னொரு முத்திரை இருந்தது. பத்தொன்பதாம் மாதம் கிடையாது. ஆகவே மாதம் முதலில், வருடம் பின்னால். பழையது 2012 ஜூன், மறுசோதனை 2019 செப்டம்பர். பழைய முத்திரையை மட்டும் கண்டிருந்தால், மாற்றித் தரச் சொல்லித் திருப்பி அனுப்பும்படிதான் சொல்லியிருப்போம்.

இந்த இடத்தில் பலரைக் குழப்புவது தமிழ்நாட்டு உறவினர் அனுப்பும் வட்ஸ்அப் செய்தி. இந்தியச் சிலிண்டரில் ஏ, பி, சி, டி என்ற எழுத்தோடு வருடத்தைப் பெயின்றால் எழுதியிருப்பார்கள். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை, டி என்றால் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை. அது அடுத்த சோதனை செய்ய வேண்டிய காலம். இந்தச் சிலிண்டரில் குத்தியிருந்தது சோதனை முடிந்த திகதி. ஒன்றை மற்றதாக வாசித்தால், நல்ல சிலிண்டரைக் காலாவதியென்று ஒதுக்குவோம், அல்லது பழையதை நல்லதென்று ஏற்போம்.

இவ்வளவும் சரியாக இருந்தும் “பயமில்லை, பாவி” என்று உடனே சொல்லவில்லை. படத்தின் கீழ் ஓரத்தில் அடிவளையம் துருப்பிடித்திருந்தது. கடற்காற்று வீசும் தீவு, ஈரத் தரை. 2019 இல் சோதித்த இரும்பு இன்றும் அப்படியே இருக்குமென்று முத்திரை சொல்லாது. விரலால் சுரண்டிப் பார்க்கச் சொன்னோம். மேல் துருதான், குழி விழவில்லை. குழியோ நசுங்கலோ இருந்திருந்தால் எந்தத் திகதியும் அதைக் காப்பாற்றாது.

வால்வும் குழாயும் படத்துக்குள் அகப்படாதவை. 2021 நவம்பரிலும் டிசம்பரிலும் நாடெங்கும் அடுப்படிகளில் வெடிப்புகள் நடந்ததை மறந்திருக்க மாட்டோம். காஸில் புரோப்பேன், பியூட்டேன் கலவை விகிதம் மாறியதே பிரதான காரணமென்று ஜனாதிபதி நியமித்த குழு கூறியது. புரோப்பேன் கூடினால் அழுத்தம் கூடும், தளர்ந்த பொருத்துகளில் கசியும். கழுத்து வளையத்து எண்ணுக்கு அதெல்லாம் தெரியாது. ஆகவே ரெகுலேட்டரை மாட்டி, பொருத்துகளில் சவர்க்கார நுரை பூசி, குமிழி வருகிறதா என்று பார்த்த பிறகே அவள் அடுப்பைப் பற்ற வைத்தாள்.

எமக்கு இதில் ஒரு கோபம் உண்டு. எங்கள் பகுதிக் கடையொன்றில் நிறுத்துத் தரக் கேட்டதற்கு, தராசு இல்லையென்று முகத்தைத் திருப்பினார்கள். கொழுந்துக்குத் தராசு இல்லாமல் ஒரு நாள் ஓடுமா? காஸ் விற்கும் ஒவ்வொரு கடையிலும், தோட்டத்துக் கூட்டுறவுக் கடை உட்பட, வாங்குபவர் கண்முன்னே நிறுக்கும் தராசு இருக்க வேண்டுமென்று அடுத்த மாவட்டக் கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவருகிறோம். அதுவரை, சிலிண்டரை லயத்துக்குத் தூக்குவதற்கு முன் கடை வாசலிலேயே படமெடுங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு மாற்றித் தர எவரும் இலேசில் சம்மதிப்பதில்லை.