கிரியேட்டின் தின்றால் மலையில் மூச்சு முட்டாதா?

மட்டாஞ்சேரி கடல்மட்டத்தில் இருக்கும் ஊர். அங்கிருந்து லடாக் கிளம்புகிறவர் கொச்சியில் விமானம் ஏறி டெல்லியில் மாறினால், மறுநாளே லேயில் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் நிற்பார். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குதான். இப்படிக் கிளம்புகிறவர்களுக்கு ஜிம் நண்பர்கள் சொல்லும் யோசனை: ஒரு வாரம் கிரியேட்டின் குடி, ஆக்ஸிஜன் குறைவதே தெரியாது. ஆபத்தான யோசனை இது.

கிரியேட்டின் தசையில் பாஸ்போகிரியேட்டினாகச் சேர்ந்திருக்கும். பாறையில் ஒரே மூச்சில் எம்பிப் பிடிக்கும்போது, ஏறக்குறைய பத்து விநாடிக்கு, ஆக்ஸிஜனுக்குக் காத்திராமல் அது சக்தி தரும். உண்மைதான். ஆனால் செலவான பாஸ்போகிரியேட்டினைத் திரும்ப நிரப்ப ஆக்ஸிஜன் வேண்டும். உயரத்தில் அந்த நிரப்பலே மெதுவாகிவிடுகிறது. ஆறு மணி நேர மலை நடைக்கு இந்தச் சேமிப்பு எம்மாத்திரம்? நுரையீரலுக்குள் வரும் ஆக்ஸிஜனை அது துளியும் கூட்டுவதில்லை.

‘ஆராய்ச்சியே சொல்கிறதே’ என்பார்கள். நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தார் 2015இல் வெளியிட்ட ஆய்வைத்தான் சொல்கிறார்கள். 15 பேர் ஏழு நாள் கிரியேட்டின் எடுத்தபின் 10 சதவீத ஆக்ஸிஜன் உள்ள காற்றைச் சுவாசித்தார்கள். அவர்களின் கவனம் அவ்வளவாகக் குலையவில்லை. மூளைக்கு ஏதோ பலன் இருக்கலாம் என்பதற்கு அது நல்ல தடயம். ஆனால் அவர்கள் ஆய்வகத்தில் ஒன்றரை மணி நேரம் போல இருந்தவர்கள். சுமையோடு ஏறவில்லை, உயரத்தில் உறங்கவில்லை. மலைநோய் வராது என்று அந்த ஆய்வு சொல்லவே இல்லை.

‘சும்மா குடித்தால் என்ன நஷ்டம்?’ தினம் 20 கிராம் வீதம் ஐந்தாறு நாள் எடுத்தால் தசையில் நீர் சேர்ந்து உடல் எடை ஒன்றிரண்டு கிலோ கூடலாம். ஏறுகிறவர் அதையும் சேர்த்தே சுமக்க வேண்டும். அதைவிடப் பெரிய நஷ்டம், பொடி காக்கும் என்று நம்பி முதல் நாளே சுமார் 5,300 மீட்டர் உயரக் கர்துங் லா கணவாய்க்கு வண்டி ஏறுவது.

உடல் உயரத்துக்குப் பழக நாள் எடுக்கும். மூச்சு வேகமாகும், சிறுநீரகம் ரத்தத்தின் காரத்தைச் சரிசெய்யும். இரண்டையும் எந்தப் பொடியாலும் அவசரப்படுத்த முடியாது. லேயில் முதல் இரண்டு நாள் ஓய்வெடுங்கள். பிறகு படுக்கும் இடத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தாதீர்கள். அசெட்டசோலமைடு மாத்திரை வேண்டுமா என்று கிளம்பும் முன்பே மருத்துவரிடம் கேளுங்கள்.

தலைவலியோடு குமட்டலும் வந்தால் மேலே ஏறாதீர்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, குதிகாலை மறுகாலின் விரல்நுனியில் ஒட்டிவைத்து நேர்க்கோட்டில் நடக்கத் தள்ளாடினாலோ, உடனே இறங்க வேண்டும். லே நகரிலேயே இப்படி ஆனால் மணாலிக்கோ ஸ்ரீநகருக்கோ காரில் கிளம்பக் கூடாது. இரண்டு சாலைகளும் லேயைவிட உயரமான கணவாய்களைத் தாண்டித்தான் போகின்றன. நேராக அங்குள்ள சோனம் நோர்பு மருத்துவமனைக்குப் போய் ஆக்ஸிஜன் வைத்துக்கொள்ளுங்கள்.