கட்டத்துல விழுற பூஜ்யம்

நம்ம வாசகர்கள்ல கான்ட்ராக்டரா வேலை பாக்குறவங்களுக்கு வருஷத்துக்கு நாலு படிவமாவது வரும். டைரக்ட் டெபாசிட், வரி, ஏதாவது ஒண்ணு. எல்லாத்துலயும் ஒரு இலக்கத்துக்கு ஒரு கட்டம். இந்தக் கட்டங்களைப் பத்தி எனக்கு ஒரு கறாரான கருத்து இருக்கு: கட்டத்துல போற நம்பர் நம்பரே இல்ல, அது எழுத்து. படிவம் செய்யறவங்க இதை மறந்தா, அடி வாங்கறது நியூ ஜெர்சிக்காரங்க.

நானே ஒரு தடவை மறந்தேன். டெக்சாஸ்ல ஒரு கிளையன்ட்டுக்கு டைரக்ட் டெபாசிட் படிவம் செஞ்சு கொடுத்தேன். ரௌட்டிங் நம்பருக்கு 9 கட்டம். என் பேங்க் நம்பரைப் போட்டுப் பாத்தேன், அழகா உக்காந்துச்சு. ஒரு மாசம் கழிச்சு எடிசன்ல இருக்குற ஒருத்தருக்குச் சம்பளம் போகல. அவர் அடிச்சது 021200012 மாதிரி ஒரு நம்பர். பிரிண்ட்ல வந்தது 21200012. எட்டே இலக்கம், எல்லாம் ஒரு கட்டம் இடது பக்கம் நகர்ந்து, கடைசிக் கட்டம் காலி.

காரணம் நான்தான். "நம்பர்தானே"ன்னு `Format` டேப்ல `Number` வச்சு, டெசிமல், கமா எல்லாத்தையும் எடுத்துட்டேன். நம்பருக்கு முன்னாடி வர்ற பூஜ்யத்துக்கு மதிப்பு கிடையாது, அதனால அக்ரோபேட் அதைக் காட்டல. எனக்கு ஏன் தெரியல? ரௌட்டிங் நம்பரோட முதல் ரெண்டு இலக்கம் பெடரல் ரிசர்வ் மாவட்டத்தைச் சொல்லும். டெக்சாஸ் 11, கலிபோர்னியா 12, நியூ ஜெர்சி 02 இல்லன்னா 03. டெக்சாஸ்லயோ பே ஏரியாவுலயோ உக்காந்து சொந்த நம்பரை வச்சு எத்தனை தடவை டெஸ்ட் பண்ணாலும் இந்தத் தப்பு பெரும்பாலும் கண்ணுல படாது. நியூ ஜெர்சியோட ஜிப் கோடும் 07, 08னுதான் ஆரம்பிக்கும், அங்கயும் இதே கதைதான்.

சரியா செய்யறது இப்படி. 9 தனித்தனி ஃபீல்டு போடாதீங்க. போட்டா பேஸ்ட் பண்ண முடியாது, ஸ்கிரீன் ரீடர் வச்சுப் படிக்கறவங்களுக்கு ஒன்பது நிறுத்தம். ஒரே டெக்ஸ்ட் ஃபீல்டு போதும். `Prepare Form` போய், ஃபீல்டோட ப்ராப்பர்ட்டீஸ்ல `Options` டேப்பைத் திறங்க. `Comb of characters` மங்கலா இருக்கும், கிளிக் ஆகாது. பலர் இங்கதான் கைவிட்டுடறாங்க. `Scroll long text`, `Check spelling` உட்பட அங்க டிக் ஆகியிருக்கற மற்ற எல்லாத்தையும் எடுத்தாத்தான் அது உயிர் பெறும். அப்புறம் 9னு போடுங்க. `Format`ல `Number` வேண்டாம். `Special` எடுத்து, `Arbitrary Mask`ல இதைக் கொடுங்க:

```
999999999
```

இதுல ஒவ்வொரு 9க்கும் அர்த்தம் "இங்க ஒரு இலக்கம் கட்டாயம்". பூஜ்யமும் தங்கும், எட்டு இலக்கத்தோட விட்டா எச்சரிக்கையும் வரும்.

சீப்புக்குப் பல் எல்லாம் ஒரே இடைவெளி. இந்தக் `Comb`பும் அப்படித்தான்: ஃபீல்டோட அகலத்தை 9ஆல சமமா வகுக்கும். அச்சுல ஒரு கட்டம் கால் இஞ்ச், அதாவது 18 பாயின்ட்னா, ஃபீல்டு சரியா 162 பாயின்ட் இருக்கணும். கொஞ்சம் கூடிட்டா முதல் இலக்கம் நடுவுல நிக்கும், கடைசி இலக்கம் கோட்டுமேல ஏறிடும். அதனால கடைசிக் கட்டத்தைப் பாருங்க, முதல் கட்டத்தை இல்ல. நடுவுல கோடு போட்ட சோஷியல் செக்யூரிட்டி நம்பருக்கு ஒரே சீப்பு உதவாது. அதுக்கு W-9ல இருக்கற மாதிரி 3, 2, 4ன்னு மூணு ஃபீல்டு வேணும்.

அக்கவுன்ட் நம்பர் வேற கதை. 1040 படிவத்துல ரௌட்டிங்குக்கு 9 கட்டம், அக்கவுன்ட்டுக்கு 17. ஆனா 17ங்கறது உச்ச வரம்புதான், ஒவ்வொரு பேங்க்குக்கும் நீளம் மாறும். இடமிருந்து எழுதி மிச்சத்தைக் காலியா விடணும். எழுத்தும் ஹைஃபனும் கூட வரலாம். அதனால இங்க மாஸ்க் போட்டா நியாயமான நம்பரையே தடுத்துடுவீங்க. `Comb` 17, `Format` `None`, அவ்வளவுதான்.

ஸ்கிரிப்ட் எழுதறவங்களுக்கு இன்னொரு பொறி. அக்ரோபேட்ல `value`னு கேட்டா, இலக்கமா இருக்கறதை நம்பராவே மாத்திக் கொடுக்கும், பூஜ்யம் மறுபடி போயிடும். இப்படிக் கேளுங்க:

```
this.getField("routing").valueAsString
```

படிவத்தை அனுப்பறதுக்கு முன்னாடி பூஜ்யத்துல ஆரம்பிக்கற ஒரு நம்பரைப் போட்டு, சேமிச்சு, பிரிண்ட் எடுத்துப் பாருங்க. நான் சொந்த நம்பரைப் போட்டுப் பாத்துத் திருப்தி ஆனதுக்கு, எடிசன்ல ஒருத்தர் அந்த மாச வாடகையைக் கடன் வாங்கிக் கட்டினார்.