காதொலிக்கருவியின் மறுபுறம்

2023 ஜனவரியில் சிஐடியுவின் அகில இந்திய மாநாடு பெங்களூருவில் நடைபெற்றது. பல மொழி பேசும் பிரதிநிதிகள் கூடும் இத்தகைய மாநாடுகளில், தமிழில் பேசும் தோழரின் சொற்கள் பலரை மொழிபெயர்ப்பாளரின் குரலில்தான் சென்றடைகின்றன. அக்குரலில் எவ்வளவு எஞ்சுகிறது என்பது பெரும்பாலும் பேசுபவரின் கையில்தான் இருக்கிறது.

உடனுக்குடன் மொழிபெயர்ப்பவர் சில விநாடிகள் பின்தங்கியே பேசுவார். கன்னடமும் தமிழைப் போலவே வினையை இறுதியில் வைப்பதால், கன்னடத்தில் பெயர்ப்பவர் அதே வரிசையில் தொடர்ந்து வரலாம். ஆங்கிலத்தில் எழுவாயை அடுத்து வினை வந்தாக வேண்டும். வங்காளத் தோழருக்கும் ஒடியாத் தோழருக்கும் ஆங்கிலத்தின் வழியே பெயர்க்கும்போது, அங்கே நேரும் பிழை எல்லா மொழிகளுக்கும் பரவுகிறது.

ஓர் எடுத்துக்காட்டு: "வைப்பு நிதியில் நிர்வாகத்தின் பங்கை 58 வயதுக்கு முன் எடுக்க முடியாது என்ற ஒன்றிய அரசின் விதியை எதிர்த்து 2016 ஏப்ரலில் வீதிக்கு வந்த பெங்களூரு ஆயத்த ஆடைத் தொழிலாளர்களின் போராட்டத்தை எவரும் கிள்ளுக்கீரையாக எண்ணிவிட முடியாது." 'எவரும்', 'முடியாது' ஆகிய இரண்டும் வாக்கியத்தின் கடைசியில் நிற்கின்றன. அதுவரை ஆங்கிலத்தில் பெயர்ப்பவர் அனைத்தையும் நினைவில் சுமக்க வேண்டும். அல்லது முடிவை ஊகித்துத் தொடங்க வேண்டும். ஊகம் தவறினால் மறுப்பு உடன்பாடாகிவிடும். கிள்ளுக்கீரையோ வெறும் கீரையாகவே போய்ச்சேரும்.

இதையே இவ்வாறு சொல்லலாம்: "2016இல் ஒன்றிய அரசு ஒரு விதியைக் கொண்டுவந்தது. வைப்பு நிதியில் நிர்வாகத்தின் பங்கை 58 வயதுவரை எடுக்கக் கூடாது என்றது. பெங்களூரு ஆயத்த ஆடைத் தொழிலாளர்கள் ஏப்ரலில் வீதிக்கு வந்தார்கள். அரசு அந்த விதியைத் திரும்பப் பெற்றது." போராட்டத்தின் வலிமையைக் கடைசி வாக்கியமே காட்டிவிடுகிறது; அதற்கு உவமை தேவையில்லை.

1945இல் தொடங்கிய நியூரம்பர்க் விசாரணையிலும் இதே இடர்ப்பாடு இருந்தது. ஜெர்மன் மொழியின் துணை வாக்கியங்களில் வினை இறுதியில் வருவதால் மொழிபெயர்ப்பாளர்கள் தவித்தனர். பேசுபவர் விரைந்தால் மஞ்சள் விளக்கு எரியும். நம் மேடைகளில் அந்த விளக்கு இல்லை. ஆனால் வேறு அறிகுறிகள் உண்டு. தமிழகப் பிரதிநிதிகள் மட்டும் கைதட்டி மற்றவர்கள் அமைதியாக இருந்தாலோ, கைதட்டல் மிகவும் தாமதமாக வந்தாலோ, பேச்சு வழியில் நின்றுவிட்டது என்று பொருள்.

வாக்கியங்களைக் குறுக்குவது மட்டும் போதாது. குறுகிய வாக்கியங்களையும் மூச்சுவிடாமல் படித்தால் அவையும் தொலையும். நேரம் முடிவதை அறிவிக்கும் மணி ஒலித்ததும் வேகத்தைக் கூட்டுவதே நம்மிடையே மிகுதி. அப்போது ஒரு செய்தியை விட்டுவிடுவதே மேல். பெயர்களும் எண்களும் அடங்கிய குறிப்பை மொழிபெயர்ப்பாளரிடம் முன்னதாகவே கொடுத்துவிட வேண்டும். மாநாட்டுக்குப் பிரதிநிதிகளை அனுப்பும் குழுக்கள், உரையை ஒருமுறை வாய்விட்டுப் படிக்கச் செய்து, வினைக்காகக் காத்திருக்க வைக்கும் வாக்கியங்களை அங்கேயே பிரித்துவிடட்டும்.