கிழமைக்கு எத்தனை போடலாம்?

"நாளுக்கு ஒண்டு போடு, இல்லாட்டி ஆக்கள் மறந்திடுவினம்" எண்டு புதுசா தொடங்குற ஆளுக்குச் சொல்லுகினம். எனக்கு அதில உடன்பாடில்லை.

புத்தக விமர்சனம் செய்யிற ஒருவருக்குக் கிழமையில 6 மணித்தியாலம்தான் கிடைக்குது எண்டு வைப்பம். யூடியூப் காணொளியை ஆறு மாசம் கழிச்சும் தேடிப் பார்ப்பினம். ஆகவே 4 மணித்தியாலத்தை ஒரேயொரு காணொளிக்குக் குடுக்கலாம். அதில இருந்தே இன்ஸ்டாகிராமுக்கு 2 ரீல்ஸ் வெட்ட ஒண்டரை மணித்தியாலம். மிச்சம் ஸ்டோரிக்கு. 24 மணித்தியாலத்தில மறையிற ஸ்டோரிக்கு மெருகு தேவையில்லை.

முதல் 30 செக்கனுக்குள்ளேயே பாதிப் பேர் விலகினா, எண்ணிக்கையைக் கூட்டாமல் தொடக்கத்தைத் திருத்துங்கோ. அதுக்கும் நேரம் காணாட்டி, காணொளியை இரண்டு கிழமைக்கு ஒண்டாக்குங்கோ. அவசரமா வாசிச்ச புத்தகத்துக்கு விமர்சனம் எழுத ஏலாது.