மெஷினை அப்புறம் வாங்கலாம், முதல்ல வாங்குறவங்களைக் காட்டு

"மதிப்புக்கூட்டுங்க, மதிப்புக்கூட்டுங்க"ன்னு பத்து வருஷமா விவசாயி காதுல ஓதிக்கிட்டே இருக்காங்க. நெல்லா விக்காதே, அவலா வித்துடு. மல்லாட்டையா விக்காதே, எண்ணெயா வித்துடு. சரிங்க, வாங்குறது யாருன்னு கேட்டா அந்த இடத்துல மட்டும் எல்லாரும் கையை விரிச்சு, "சென்னையில எவ்ளோ பேர் இருக்காங்க, விக்காமலா போயிடும்?"ங்கறாங்க. கோடி பேர் இருக்கற ஊர்ல ஒருத்தன் கூட உங்க எண்ணெயை வாங்காம இருக்க முடியும். கோடி பேரும் ஏற்கெனவே எங்கயோ எண்ணெய் வாங்கிக்கிட்டுத்தான இருக்காங்க.

என் தங்கச்சி மகன் கிண்டி தொழிற்பேட்டைப் பக்கம் நடந்த ஒரு பயிற்சிக்குப் போயிட்டு வந்தான். யார் நடத்தினாங்கன்னு இங்க வேண்டாம். ரெண்டு நாள்ல எந்த மரச்செக்கு, எத்தனை குதிரைத்திறன் மோட்டார், வடிகட்டுற இயந்திரம், திட்ட அறிக்கை எழுதறது, மானியத்துக்கு விண்ணப்பிக்கறது வரைக்கும் சொல்லிக் கொடுத்திருக்காங்க. யார்கிட்ட விக்கறதுன்னு ஒரு மணி நேரம் கூட இல்ல. வரும்போதே எட்டு லட்சத்துக்கு ஒரு கொட்டேஷனோட வந்தான். "மாமா, முப்பத்தஞ்சு பர்சென்ட் மானியம் மாமா"ன்னு கண்ணெல்லாம் ஒளி.

மானியம் உண்மைதான். மத்திய அரசோட குறு உணவுப் பதப்படுத்தும் தொழில் திட்டத்துல, 2020-ல வந்தது, திட்டச் செலவுல 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம். நம்ம கை முதல் குறைஞ்சது பத்து சதவீதம். மீதி வங்கிக் கடன். ஆனா அந்த மானியம் உங்க கையில வராது, தெரிஞ்சுக்கோங்க. வங்கியிலேயே தனிக் கணக்குல உட்கார்ந்திருக்கும். கடனோட கடைசித் தவணையைக் கொடுத்து மூணு வருஷம் கழிச்சு, கடன் ஒழுங்கா கட்டப்பட்டு, தொழிலும் ஓடிக்கிட்டு இருந்தாத்தான் கடன்ல கழிப்பாங்க. எட்டு லட்சத்துல கை முதல் 80,000 போக 7,20,000 கடன். ரெண்டாவது வருஷமே கடையை மூடினீங்கன்னா 2,80,000 மானியத்தை நம்பி உட்கார முடியாது, கடன் முழுசும் உங்க தலையில. ஆக, மானியம் ஜெயிச்சவனுக்குக் கிடைக்கற பரிசு. விழறவனைத் தாங்கறதுக்கு வச்ச பாய் இல்ல. மேடையில இதை மெதுவா சொல்றாங்க, 35ஐ மட்டும் சத்தமா சொல்றாங்க.

நான் அவன்கிட்ட சொன்னது ஒண்ணுதான். "மாப்ள, கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி மூணு மாசம் எனக்குக் கொடு. செக்கு வாங்காம எண்ணெய் வித்துக் காட்டு."

செக்கு இல்லாம எப்படி? எங்க ஊருக்கு ஆறு கிலோமீட்டர்ல ஒருத்தர் செக்கு வச்சிருக்கார், கூலிக்கு ஆட்டித் தருவார். கிலோவுக்கு 15 ரூபாய். எண்ணெய்க்குன்னு இல்ல, பெரும்பாலான பொருளுக்கு இப்படி ஒரு கூலி வழி இருக்கு. மாவுக்கு ரைஸ் மில், அவலுக்கு அவல் மில். கொஞ்சம் பெரிய இயந்திரம் வேணும்னா தஞ்சாவூர்ல தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்துல கட்டணம் கட்டி அவங்க இயந்திரத்துலயே செஞ்சு எடுத்துக்கலாம். உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் மட்டும் முதல்லயே வாங்கிடணும், லேபிள்ல அது இல்லாம வீட்டுக்கு வீடு விக்கக் கூடாது.

கணக்கைச் சொல்றேன். நூறு கிலோ பருப்பு. எங்க கொல்லையில விளைஞ்சதுதான், ஆனாலும் சந்தை விலைக்கே எழுதச் சொன்னேன், கிலோ 120, ஆக 12,000. சொந்த விளைச்சலுக்கு விலை போடாம கணக்கு எழுதற விவசாயி லாபம் வந்ததா நினைச்சுக்கிட்டே நஷ்டப்படுவான். ஆட்டக் கூலி 1,500. பாட்டில், லேபிள் 840. சென்னைக்கு எடுத்துட்டுப் போக 700. மொத்தம் 15,040. புண்ணாக்கு 55 கிலோ, 40 ரூபாய்க்கு மாட்டுக்காரர் எடுத்துக்கிட்டார், 2,200 திரும்பி வந்தது. கசடு தெளிஞ்சு கையில நின்ன எண்ணெய் 42 லிட்டர். லிட்டருக்கு அடக்கம் 306 ரூபாய். விலை 360. நிக்கறது 54.

இப்ப கடனைப் பாருங்க. மானியத்தைக் கழிச்சே பார்ப்போம், 4,40,000. அஞ்சு வருஷம், 11 சதவீத வட்டின்னா மாசத் தவணை ஒன்பதாயிரத்து ஐந்நூறுக்கு மேல. 54 ரூபாய்ல வகுத்தா மாசம் 177 லிட்டர். சொந்தச் செக்கு வந்தா ஆட்டக் கூலி மிச்சமாகும்தான், ஆனா அது கரண்டு பில்லுக்கும் ஒரு ஆள் சம்பளத்துக்கும் சரியாப் போயிடும். ஒரு வீட்டுக்கு மாசம் ரெண்டு லிட்டர்னு வச்சா தொண்ணூறு வீடு. தவணை கட்டவே தொண்ணூறு வீடு, மாசம் தவறாம. அவன் வயித்துக்கு இன்னும் ஒண்ணும் வரல. "எண்ணெய் விக்குமா?"ங்கறது கேள்வியே இல்லைங்க. தொண்ணூறு வீடு திரும்பத் திரும்ப வாங்குமா, அதுதான் கேள்வி.

இனி உங்க பக்கம் வர்றேன், சென்னை நண்பர்களே, கோவிச்சுக்காதீங்க. கிண்டி, ஆதம்பாக்கம், வேளச்சேரி பக்கம் மூணு அடுக்குமாடி வாட்ஸ்அப் குழுவுல தெரிஞ்சவங்க மூலமா போட்டோம். கட்டைவிரல் தூக்கினவங்க 63 பேர். "சூப்பர்ணா", "விவசாயியை வாழவைப்போம்", கை கூப்பின படம், எல்லாம் வந்தது. மறுநாள் இன்னொரு செய்தி: லிட்டருக்கு 100 ரூபாய் முன்பணம் ஜிபேல அனுப்புங்க, எண்ணெய் வராட்டா திருப்பித் தருவோம், மனசு மாறினா தர மாட்டோம். 63 பேர்ல பணம் அனுப்பினவங்க 22. மீதி 41 பேர் பொய் சொன்னாங்கன்னு நான் சொல்லல. நல்ல மனசோட விரலைத் தூக்கினாங்க. ஆனா அந்த விரலை எண்ணித்தான் ஊர்ல ஒருத்தன் நிலப் பத்திரத்தை வங்கியில வைக்கறான். வாங்கற எண்ணம் இல்லேன்னா "எனக்கு வேண்டாம்"னு ஒரு வரி போடுங்க. வாழ்த்தை விட அது பெரிய உதவி.

அந்த 22 வீட்டுக்கு 38 லிட்டர். சலுகை விலை கிடையாது, முதல் நாள்லயே 360. அறிமுகத்துக்கு 250-ன்னு வச்சா யாருக்கு எண்ணெய் புடிச்சுது, யாருக்கு விலை புடிச்சுதுன்னு எப்படிப் பிரிப்பீங்க? சொந்தக்காரங்களுக்கு வித்ததை எண்ணக் கூடாதுன்னும் சொல்லியிருந்தேன். அத்தை வாங்கறது எண்ணெயை இல்ல, உங்களை. தீபாவளி மாசத்தையும் தவிர்த்தோம், அப்ப எவன் வித்தாலும் விக்கும். கண்காட்சியில ஸ்டால் போட்டு ஒரே நாள்ல முப்பது லிட்டர் வித்தேன்னு சொல்றாங்களே, அந்த முப்பது பேரும் மறுபடி உங்களை எங்க தேடுவாங்க?

ரெண்டாவது மாசம்தான் நிஜப் பரீட்சை. அதே 22 பேருக்கு ஒரே ஒரு செய்தி, கெஞ்சல் கிடையாது. பணம் அனுப்பினது 9 வீடு, 15 லிட்டர். மூணாவது மாசம் அதுல 8 பேர், புதுசா 3 பேர், 19 லிட்டர். பையன் முகம் சுண்டிப் போச்சு. எனக்கு அப்பதான் விஷயம் பிடிபட ஆரம்பிச்சுது. திரும்பி வராத 13 வீட்டையும் கூப்பிட்டுக் கேளுடான்னேன். விக்கப் பேசக் கூடாது, ஏன்னு மட்டும் கேக்கணும்.

நாலு வீட்ல பொரிக்கும்போது நுரை தள்ளுதுன்னு சொன்னாங்க. சுத்திகரிக்காத செக்கெண்ணெய் அப்படித்தான் கொஞ்சம் நுரைக்கும், சரியா தெளிய விடலேன்னா இன்னும் கூடும். நாம நாலு நாள் வெயில்ல வச்சுத் தெளிய விட்டிருக்கணும், ரெண்டு நாள்ல அடைச்சு அனுப்பியிருக்கான். இது சரி பண்ணக்கூடிய குத்தம். மூணு வீட்ல தெருமுனையிலேயே செக்குக் கடை இருக்கு, கண் முன்னாடி ஆட்டறதைப் பார்த்து வாங்கறோம்னாங்க. அதுக்கு நம்மகிட்ட பதில் இல்ல, அந்த மாதிரி தெருவை விட்டுடணும். ரெண்டு பேர் மாசம் பொறந்து முதல் வாரத்துலயே எண்ணெய் வாங்கிடறாங்க, நாம போனது பதினஞ்சாம் தேதி. மீதிப் பேர் ஒரு தடவை ஆதரவு கொடுக்க வாங்கினவங்க. அவங்களும் அதை நேராச் சொல்லிட்டாங்க, மரியாதை.

இந்த மூணு மாசத்துக்கு எண்ணெய்க் கணக்குல நஷ்டம்னு ஒண்ணும் இல்ல. அவனோட அலைச்சலுக்குக் கூலி வரல, அதை மறைக்கக் கூடாது. டூவீலர்ல வீடு வீடாப் போய்க் கொடுத்ததுக்கு யாராவது ஒருத்தருக்குச் சம்பளம் கொடுத்திருந்தா அந்த 54 ரூபாய்ல பாதி போயிருக்கும். அதையும் எழுதி வச்சிருக்கோம்.

இதெல்லாம் கஞ்சத்தனம், பயந்தாங்கொள்ளித்தனம்னு ஊர்ல பேசறாங்க. அவங்களுக்கு ஈமு கோழியை ஞாபகப்படுத்தறேன். பெருந்துறையில சுசி ஈமு பார்ம்ஸ்னு ஆரம்பிச்சு, லட்சக்கணக்குல முதல் வாங்கி, குஞ்சும் தீனியும் கொடுத்து, மாசா மாசம் பராமரிப்புப் பணமும் தர்றோம்னு சொன்னாங்க. கொங்கு நாடே கொட்டகை போட்டுது. நடிகர்கள் டிவியில வந்து சொன்னாங்க. 2012-ல மொத்தமும் கவிழ்ந்து, பறவைகள் தீனியில்லாம கிடந்து, அரசாங்கமே தீனி போடற நிலைமைக்கு வந்துது. அந்தக் கூட்டத்துல யாராவது ஒரே ஒருத்தர் ஈரோடு பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கறிக்கடையில நின்னு, "நேத்து எத்தனை கிலோ ஈமு கறி வித்தீங்க, வாங்கினவர் மறுபடி வந்தாரா?"ன்னு கேட்டிருந்தா போதும். மாசா மாசம் பணம் வந்துது, அதனால வியாபாரம் நடக்குதுன்னு நினைச்சாங்க. வந்தது கறி தின்னவன் பணம் இல்ல, அடுத்து முதல் போட்டவன் பணம்.

எல்லாத்துக்கும் இப்படி மூணு மாசத்துல பரீட்சை வைக்க முடியாதுங்கறது எனக்கும் தெரியும். மாங்கன்று நட்டு நாலஞ்சு வருஷம் காத்திருக்கறவன் முன்பணம் வாங்கிப் பார்க்க முடியாது. பால் குளிரூட்டும் நிலையத்தைக் கால்வாசி கட்ட முடியாது. ஆனா எண்ணெய், மாவு, அவல், வத்தல், ஊறுகாய்க்கெல்லாம் முடியும். முடியற இடத்துலயும் செய்யவிடாம, "விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி மாசக் கடைசி"ன்னு அவசரப்படுத்தறதுதான் எனக்கு ஆத்திரம்.

கிண்டி தொழிற்பேட்டையையே எடுத்துக்கோங்க. 1958-ல அது வந்தப்ப அரசாங்கமே கொட்டகை கட்டி சின்னத் தொழில்காரங்களுக்குக் கொடுத்துது. தொழில் தொடங்கறவன் முதல் நாளே கட்டடத்துல காசை முடக்க வேண்டாம்கற யோசனை அதுல இருந்துது. இன்னைக்கு அதே பேட்டைப் பக்கம் ஒரு சின்னப் பையன் போனா எட்டு லட்சத்துக்குக் கொட்டேஷனோட வர்றான். மானியத்துல ஒரு சின்னப் பங்கை, நூறு கிலோ கூலிக்கு ஆட்டி மூணு மாசம் வித்துப் பார்க்கறதுக்குக் கொடுங்க. மூணாவது மாசம் எத்தனை வீடு திரும்ப வாங்குச்சுங்கற சீட்டைத் திட்ட அறிக்கையோட வைக்கச் சொல்லுங்க. வங்கி மேனேஜருக்கும் அதுதான் நிம்மதி.

இப்ப எங்க வீட்ல முடிவு இதுதான். கொட்டேஷன் பீரோவுல இருக்கு. எண்ணெய் நாலு நாள் தெளியுது, ஒண்ணாம் தேதிக்கு முன்னாடி சென்னை வருது, கூலிச் செக்குலதான் ஆட்டறோம். நாற்பது வீடு தொடர்ந்து மூணு மாசம் முன்பணம் அனுப்பினா பழைய செக்கு ஒண்ணு பார்க்கலாம்னு பேச்சு, அதுவும் அந்த எட்டு லட்சத்துக்கு இல்ல. போன மாசம் பதினாலு வீடு. அதுல ஆறு வீடு, அறுவடை சமயத்துல பச்சை மல்லாட்டை வேக வைக்கக் கிடைக்குமான்னு தானாக் கேட்டிருக்காங்க. அதுக்குச் செக்கே வேண்டாம், சாக்கு மட்டும் போதும். கிலோவுக்கு 20 ரூபாய் முன்பணம் கேட்டு இந்த வாரம் செய்தி போடறான்.